நான்காம் கட்டளையும் இரவு இரண்டு மணியும்

இக்கட்டுரை முதலில் ஒரு மறையுரையாகச் சொல்லப்பட்டது. வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில், காலபோக அரிவிவெட்டு முடிந்து மக்கள் சற்று மூச்சுவிட்டிருந்த ஒரு ஞாயிறு அது. பூசை முடிந்த பின் சிலர் எம்மிடம் வந்து, "பாதர், இதை எழுதித் தாங்கோ, வீட்டில் வைத்து வாசிக்க வேணும்" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் அநேகர் வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் தாயையோ தகப்பனையோ பார்ப்பவர்கள். எனவே அன்று நேரமின்மையால் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

நான்காம் கட்டளையைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். தாய் தந்தையை மதித்து நட என்று சொல்லி, பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறோம். அப்பிரசங்கங்களில் ஒரு பிழை இருந்தது. கைவிட்டவர்கள் பெரும்பாலும் கோயிலுக்கு வருவதில்லை. கைவிடாமல் பார்த்து, களைத்து, நித்திரையின்றி வந்து பின்வாங்கில் இருந்தவர்களே அக்கண்டனத்தைக் கேட்டுக்கொண்டு போனார்கள். அதை எமக்கு உணர்த்தியவர் நாம் முன்பு பணியாற்றிய இன்னொரு பங்கைச் சேர்ந்த ஒரு பெண்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவானவரும் வெளியே சொல்ல முடியாது என்பதை நீங்கள் அறிவீர்கள். இது அங்கே கேட்டதன்று. அவர் வீட்டுக் கிணற்றடியில், வேப்பமர நிழலில் நின்று சொன்னது. எழுத அனுமதியும் தந்தார். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

அவருடைய குடும்பம் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் சில மாதம் இருந்து, பின் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தது. 2009இல் மீண்டும் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்து காடு வெட்டி, வரம்பு கட்டி, இரண்டு ஏக்கர் வயல் செய்கிறார்கள். 2009இல் அவருடைய மகன் கைக்குழந்தை. தாய்க்குப் பால் வற்றிப்போன அந்நாட்களில் அப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அம்மம்மாதான். இப்போது எண்பதை நெருங்கும் அந்த அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக் குழறும், ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும்.

"ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி பாதர். திருப்பிப் படுக்க வைக்க எழும்பினன். உடுப்பெல்லாம் நனைஞ்சு போய்க் கிடந்தது. பின்னேரம்தான் மாத்தினது. ஆண்டவரே இவவை எடும் எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். அம்மா முழிச்சுக்கொண்டுதான் கிடந்தவ. என்ர பிள்ளையைச் சுமந்தவ பாதர் அவ."

இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. அழக்கூட அவரிடம் பலம் இருக்கவில்லை என்றே எமக்குத் தோன்றியது.

இது பாவமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு நித்திரை தூங்கிய வாயிலிருந்து தெறித்த ஒரு வார்த்தையில் முழுச் சம்மதம் எங்கே இருக்கிறது? அவ்வார்த்தையைச் சொன்ன அதே கைகள் அடுத்த நிமிடமே நனைந்த துணியை மாற்றின. சம்மதம் எங்கே இருந்தது என்பதற்குக் கையே சாட்சி.

வேதாகமத்திலும் ஒருவர் சாவைக் கேட்கிறார். இறைவாக்கினர் எலியா வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடும் என்று மன்றாடுகிறார். அவருக்குக் கிடைத்தது கண்டனமன்று. தேவதூதன் அவரைத் தட்டியெழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். அவர் உண்டு மறுபடியும் படுக்கிறார். தூதன் இரண்டாம் முறையும் வந்து உண்ணக் கொடுக்கிறான். வழி நீண்டது, உன்னால் தாங்க முடியாது என்பதே அவன் சொன்ன காரணம். அடுத்த வேலையைப் பற்றிக் கடவுள் பேசுவது அதற்குப் பிறகுதான்.

எனவே அந்தச் சகோதரிக்கு நாம் செபமாலை சொல்லும்படி கூறவில்லை. மகனின் பழைய கொப்பியில் ஒரு தாள் கிழித்துக் கொண்டுவரச் சொன்னோம்.

தாளில் எழுதிய ஒரு நாள்

காலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை நான்கு மணிவரை, தாய்க்குச் செய்யும் வேலையெல்லாம் எழுதினோம். பகல் எப்படியோ நகர்ந்தது. இரவுதான் பயங்கரம். பத்து மணிக்குத் திருப்புதல், பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு. ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுதல். வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும்போது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இல்லையேல் படுக்கைப்புண் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதை அவர் கடவுள் வாக்காகவே பிடித்துக்கொண்டார். பதினான்கு மாதங்களாக அவர் ஒரே மூச்சில் இரண்டு மணித்தியாலம் தூங்கியதில்லை.

சொன்னவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. வைத்தியசாலையில் தாதிமார் முறை மாறி வருவார்கள். வீட்டில் முறை மாற்ற ஆள் உண்டா என்று எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எமக்குப் பழக்கமான அனுபவமுள்ள தாதி ஒருவரை அழைத்துப் போனோம். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. தாயின் தோலைப் பார்த்தார். படுக்கைப்புண் வருவது எலும்பும் கட்டிலும் சேர்ந்து தோலை நசுக்கி, இரத்த ஓட்டத்தை மறிப்பதால். ஆகவே எலும்பு துருத்தும் இடங்களையே பார்க்க வேண்டும்: நாரியின் அடிப்பக்கம், இடுப்பு எலும்பு இரண்டும், குதிக்கால்கள், கணுக்கால், தோள், காதின் ஓரம். சிவந்திருக்கிறதா என்று பார் என்று புத்தகங்கள் சொல்லும். எமது கறுத்த தோலில் சிவப்பு இலகுவில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாக அல்லது ஊதாவாக இருக்கிறதா, தொட்டால் சூடாக, கட்டிபட்டு, அல்லது பொதபொதவென்று இருக்கிறதா, தொட நோகிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்புத் தெரிந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளிறி மீண்டும் நிறம் வந்தால் நல்லது. வெளிறாமல் அப்படியே நின்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நசுங்கிய தசை மேலும் கெடும். அவ்விடத்தில் பாரம் படாமல் வைப்பதே மருந்து.

அந்தத் தாயின் தோல் நன்றாக இருந்தது. கயிற்றுக் கட்டிலில் பாய் போட்டிருந்ததற்குப் பதிலாக, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசில் நல்ல தடித்த ஸ்பொன்ஜ் மெத்தை வாங்கப்பட்டது. பக்கவாட்டில் முழுதாகச் சரித்தால் இடுப்பு எலும்பில் பாரம் விழும். எனவே முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கால்வாசி மட்டும் சரித்துப் படுக்க வைக்கக் காட்டித் தந்தார் தாதி. கெண்டைக்காலின் கீழ் இன்னொரு தலையணை வைத்துக் குதிக்கால்கள் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கச் செய்தார். பகலில் பழையபடி இரண்டு மணித்தியாலம். இரவில் மட்டும் பத்து, இரண்டு, ஆறு. விடிந்ததும் தோலைப் பார்க்க வேண்டும். எங்காவது அடையாளம் மாறாமல் நின்றால் மறுநாள் இரவே இடைவெளியைக் குறைக்க வேண்டும். இது அந்தத் தாயின் தோலைப் பார்த்து, அந்த மெத்தைக்குச் சொன்ன ஒழுங்கு. மெலிந்து எலும்பும் தோலுமாய் இருப்பவர்களுக்கும், ஏற்கனவே புண் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. உங்கள் வீட்டுக்கு எது சரியென்று ஒரு தாதியோ வைத்தியரோ பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பத்திலிருந்து இரண்டு வரை நான்கு மணித்தியாலம். அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாலு மணித்தியாலம் படுக்கலாமோ?" என்று கேட்டார்.

இரண்டு மணி முறையை யார் செய்வது? கணவர் வாசலில் நின்று, "நான் செய்யிறன். ஆனா மாமி..." என்று இழுத்தார். மருமகன் மாமியாரைத் தொட்டுத் தூக்குவது எங்கள் மக்களுக்குக் கூச்சமான காரியம். இருவருடைய மரியாதையும் அதில் இருக்கிறது. நாம் அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. அதற்கும் வழி இருந்தது. ஒரு துப்பட்டியை மடித்து, தோளிலிருந்து தொடைவரை எட்டும்படி தாயின் கீழே நிரந்தரமாக விரித்து வைத்தார்கள். துப்பட்டியின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்து இழுத்தாலே உடல் சரியும். உடம்பில் கை படவேண்டியதில்லை. இழுப்பவரின் நாரியும் தப்பும். தோல் மெத்தையில் உரசிக் கிழிவதும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணி முறை அவருடையதாயிற்று. கழுவித் துடைப்பது மகளின் வேலையாகவே இருந்தது. முதல் இரவு அந்த அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாராம். மூன்றாம் முறை, குழறிய நாவால் "தம்பி, தண்ணி" என்றாராம்.

பதினாறு வயது மகனுக்கு மாலைச் சாப்பாடு ஊட்டும் வேலை. அவனுக்கும் படிப்பு இருக்கிறது. எனவே அந்த அரை மணித்தியாலத்துக்கு மேல் அவன் மேல் சுமத்த வேண்டாம் என்றோம். பாரிசவாதக்காரருக்கு ஊட்டுவது பொறுப்பான வேலை. நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, தண்ணீர்போல் ஓடாத தடித்த கஞ்சியைச் சிறு கரண்டியால், பெலமுள்ள இடது கன்னப் பக்கமாகக் கொடுக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பின்பே அடுத்தது. முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, அரை மணித்தியாலம் படுக்க விடாமல் இருத்த வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், அல்லது சாப்பிட்ட பின் குரல் நனைந்ததுபோல் கரகரத்தால், உணவு சுவாசப்பையின் வழியில் போகிறது என்று அர்த்தம். அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

மோயீசனுக்கு மாமனார் சொன்னது

பத்துக் கட்டளைகள் யாத்திராகமத்தின் 20ஆம் அதிகாரத்தில் வருகின்றன. இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால், 18இல், ஒரு சிறு சம்பவம் உண்டு. காலை முதல் மாலைவரை தனியே இருந்து மக்களின் வழக்கெல்லாம் கேட்கும் மோயீசனைப் பார்க்க அவருடைய மாமனார் வருகிறார். வயதானவர். பார்த்துவிட்டு, நீ செய்வது நல்லதன்று, நீயும் தளர்ந்துபோவாய், உன்னைச் சுற்றியுள்ள மக்களும் தளர்ந்துபோவார்கள், இது தனியொருவனால் ஏலாத சுமை, ஆட்களைப் பிரித்து வை என்கிறார். பெற்றோரை மதிக்கச் சொல்லும் கட்டளை அதற்குப் பின்புதான் வருகிறது. அக்கட்டளையும் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. வளர்ந்து குடும்பமான ஆண்களையும் பெண்களையும் நோக்கிச் சொல்லப்பட்டது. மதித்தல் என்பதற்கு எபிரேய மொழியில் உள்ள சொல், பாரம் என்ற பொருளுள்ள அடியிலிருந்து பிறந்தது. பெற்றோரை இலேசாக எண்ணாதே என்பது அதன் கருத்து. தனியே சுமந்து விழு என்பது அதன் கருத்தன்று.

சிலுவையடியிலும் இதைக் காண்கிறோம். ஆண்டவருடைய கைகள் ஆணியில் அறையப்பட்டிருந்தன. தாயைப் பார்க்க அவரால் முடியாது. அவர் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தார். சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். முடியாதபோது ஒப்படைப்பதும் கட்டளையை நிறைவேற்றுவதே. ஆனால் பெயர் தெரிந்த ஒருவரிடம், ஏற்றுக்கொள்ளும் ஒருவரிடம் ஒப்படைத்தார். "யாராவது பார்ப்பினம்" என்று விட்டுப் போகவில்லை.

இதனால் சகோதரங்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வெளிநாட்டில் இரண்டு தம்பிமார். வவுனியாவில் ஒரு தங்கை. ஞாயிறு தோறும் தொலைபேசி வரும். "அம்மாவை வடிவாப் பாருங்கோ அக்கா" என்பார்கள். அவர் "ஓம்" என்பார். வைத்த பின் கோபம் வரும். நாம் சொன்னது, உதவி செய்யுங்கள் என்று கேட்க வேண்டாம். வேலையின் பெயரையும் நாளையும் சொல்லிக் கேளுங்கள் என்பதே. திங்கள், புதன், வெள்ளி காலையில் வந்து தாயைக் கழுவி, துணி தோய்த்துப் போட அயலில் ஒரு விதவைப் பெண் சம்மதித்தார். அரை நாள் கூலி கொடுக்க வேண்டும். இந்தக் கூலியை மாதம் தோறும் யார் தருவது? விதைப்புக் காலத்தில் இரண்டு கிழமை, வெட்டுக் காலத்தில் இரண்டு கிழமை யார் வந்து நிற்பது? கேள்வி இப்படி வைக்கப்பட்டது. இளைய தம்பி கூலியை ஏற்றார். தங்கை தனக்கு முழங்கால் வருத்தம், தூக்க ஏலாது, ஆனால் வந்து இருந்து இரவு முறை பார்க்கிறேன் என்றார். மூத்த தம்பியிடமிருந்து பதில் வரவில்லை. அவர் சென்ற திருவிழாவுக்குத் தம் சொந்த ஊர்க் கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தவர். தேவாலயக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குரியதைத் தடுத்துக்கொண்டவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னதை மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் அவரும் வாசிக்கலாம். ஒலிபெருக்கியை வாங்கும்போது கோயில்காரராகிய நாமும் வாசித்திருக்கலாம்.

இரண்டு வகைக் குற்ற உணர்வு

அந்தச் சகோதரியின் மனதில் இருந்ததை நாம் பிரித்துப் பார்த்தோம். ஒருநாள் துணியை இழுத்த தாயின் கையில் அவர் அடித்திருக்கிறார். அது தவறு. அதற்கு மன்னிப்பு உண்டு, பரிகாரமும் உண்டு: தாயிடமே போய் "அம்மா, அடிச்சுப்போட்டன்" என்று சொல்வது. சொன்னார். அது மீண்டும் வராதிருக்க ஒரு ஒழுங்கும் செய்தோம். கை ஓங்க வந்தால், தாய் கட்டிலிலிருந்து விழாதபடி பக்கத் தலையணையை வைத்துவிட்டு, உடனே முற்றத்துக்கு வந்து அயல் வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டும். பத்து நிமிடம் துணி நனைந்திருப்பதால் ஒன்றும் வந்துவிடாது. அடிக்கும் கை பழகிவிட்டால்தான் ஆபத்து.

ஆனால் அவரை அதிகம் அரித்தது அந்த அடியன்று. பொழுதுபடும் நேரத்தில் தாய், "வீட்டை போவம்" என்பார். வலிகாமத்து வீடு. முற்றத்தில் பலா நின்ற வீடு. அங்கே இப்போது சுவரும் இல்லை. "அம்மாவை அவவின்ர காணியில சாகவிட என்னால ஏலாமல் போச்சு பாதர்." இதைப் பல வீடுகளில் கேட்கிறோம். இதில் பிள்ளையின் குற்றம் எங்கே? அந்த வீட்டை இடித்தது அவரில்லை. இல்லாத குற்றத்துக்குப் பாவமன்னிப்புக் கொடுக்க எம்மாலும் முடியாது. துக்கமாக அதை ஏற்றுக்கொண்டு அழலாம். தாயிடம் "வீடு இல்லையம்மா" என்று ஒவ்வொரு மாலையும் வழக்காடத் தேவையில்லை. பலாவைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வார். சொல்லிக்கொண்டே நித்திரையாவார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வழக்கமாக ஆளையும் இடத்தையும் அறிபவர் ஓரிரு நாளில் திடீரென்று தடுமாறினால், அது வயதென்று விடாதீர்கள். சலத்தில் கிருமி, காய்ச்சல், மலச்சிக்கல், நீர் போதாமை, புது மாத்திரை என்று மாற்றக்கூடிய காரணம் இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத கட்டமும் சிலருக்கு வரும். புண் கறுத்து மணக்கத் தொடங்கினால், பார்ப்பவரே நோயாளியாகிவிட்டால், வீட்டில் வேறு ஆளே இல்லாவிட்டால், வைத்தியசாலையையோ முதியோர் இல்லத்தையோ நாடுவது கைவிடுதலாகாது. கைதடி அரச முதியோர் இல்லத்தைப் பற்றிக் கேட்டாலே சிலர் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கான சபைக்கு விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறது. அச்சட்டமும் வேண்டுமென்று புறக்கணிப்பதையே தடுக்கிறது. இயலாமை வேறு, வேண்டுமென்று விடுதல் வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று ஒருவர் கேட்டார். விட்டுவந்த பின் எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள், போனபோது துணியை விலக்கிக் குதிக்காலைப் பார்த்தீர்களா என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

அண்மையில் அவ்வழியால் போனபோது அந்த வீட்டுக்கும் போனோம். அம்மாவுக்கு நோயிற்பூசுதல் கொடுத்தோம். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரிய திருவருட்சாதனம் அதுவென்று நினைத்து அவர் முதலில் பயந்தார். முதுமையால் தளர்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பெறலாம் என்று விளக்கியதும் இடது கையை நீட்டினார். அந்தக் கொப்பித் தாள் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு மணிக்கு நேரே மருமகனின் கையெழுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருந்தது. மாசியில் இரண்டு கிழமை தங்கையின் பெயர் இருந்தது. மூத்த தம்பியின் பெயரையும் எழுதி, அதற்கு நேரே இடம் விட்டிருந்தார்கள்.